காய்ச்சல் இல்லாத அந்த ஒரு நாள்

மலேரியா பரவலாக இருக்கும் பகுதியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பல வருடங்களாக ஸ்லைடு பார்ப்பதுதான் என் தொழில். ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். "முந்தாநாள் மத்தியானம் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, அப்புறம் வேர்த்து விட்டுடுச்சு. நேத்து நல்லாத்தான் இருந்தேன். இன்னிக்கு அதே நேரத்துக்குத் திரும்ப ஆரம்பிச்சிடுச்சு." இதைச் சொல்பவர் முதல் நடுக்கம் வந்தபோதே வந்திருந்தால் சிகிச்சை இரண்டு நாள் முன்னதாகத் தொடங்கியிருக்கும். அவரை வீட்டிலேயே இருக்க வைத்தது நடுவில் வந்த அந்த நல்ல நாள். அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். என் தம்பிக்கு மலேரியா வந்தபோது அந்த நாளை வீட்டுக்குள்ளேயே பார்த்தேன், முழுதாக.

அவனுக்குக் காட்டோரங்களில் நில அளவை வேலை. அப்படி ஓர் இடத்தில் சில வாரங்கள் தங்கிவிட்டு வந்தவனுக்கு உடம்பு வலி, தலைபாரம், விட்டுவிட்டு ஒரு காய்ச்சல். ஒழுங்கான நேரம் எதுவும் இல்லை. காலையில் இருக்கும், மாலையில் இருக்காது. பக்கத்து மருத்துவமனையில் ரேபிட் டெஸ்ட் எடுத்தார்கள். நெகட்டிவ். காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "மலேரியா இல்லையாம் அக்கா" என்று நிம்மதியாகச் சொன்னான். காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த சில நாளில் காய்ச்சலின் முகமே மாறிவிட்டது. ஒரு நாள் மதியம், உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று முதுகுத்தண்டில் குளிர் ஏறியது. போர்வை கேட்டான், இன்னொன்று கேட்டான். பல் கிடுகிடுவென்று அடித்தது. கட்டில் ஆடியது. விரல் நுனிகள் வெளுத்து நகம் நீலம் பாரித்தது. அந்த நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது, குளிருகிறது என்கிறவனுக்கு எதற்கு என்று விட்டுவிடுவார்கள். நான் வைத்தேன். 39 டிகிரியைத் தாண்டியிருந்தது. குளிர் எடுக்கும்போதே உடம்பின் உள்வெப்பம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். வெளித்தோலுக்கு ரத்தம் போவது குறைவதால்தான் அப்படிக் குளிர்கிறது. கனமான போர்வையால் மேலே மேலே மூடினால் சூடு இன்னும் ஏறும் என்பதால் ஒரு போர்வையோடு நிறுத்திக்கொண்டோம்.

முக்கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. போர்வையை உதறிவிட்டான். முகம் சிவந்து, தோல் வறண்டு, தொட்டால் கை சுட்டது. 40 டிகிரிக்கு மேல். மண்டையைப் பிளக்கும் தலைவலி, ஒருமுறை வாந்தி. இந்தச் சூட்டுக் கட்டம் பொதுவாக இரண்டிலிருந்து ஆறு மணி நேரம் வரை நீளும். அவனுக்குப் பொழுது சாயும்வரை இருந்தது. பிறகு நெற்றியில் முத்து முத்தாகத் துளிர்த்தது, கொஞ்ச நேரத்தில் சட்டை, தலையணை, விரிப்பு எல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டன. காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. அடித்துப் போட்டது போலத் தூங்கினான். மறுநாள் காலையில் எழுந்து பசிக்கிறது என்றான். உடம்புச் சூடு சரியாக இருந்தது. களைப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அன்றைக்கு ரத்தம் எடுக்க வா என்று கூப்பிட்டேன். "அக்கா, இன்னிக்குத்தான் நல்லா இருக்கேனே, காய்ச்சல் வந்தா எடுத்துக்கலாம்" என்றான். கிட்டத்தட்ட எல்லோருமே இப்படித்தான் நினைக்கிறார்கள். நடுக்கம் வரும்போது எடுத்தால்தான் கிருமி தெரியும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மையில் நல்ல நாளிலும் ஒட்டுண்ணி ரத்தத்தில்தான் இருக்கிறது. அந்த நாளில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், காத்திருப்பது ஏன் வீண் என்பது புரியும்.

கொசு கடித்து உடம்புக்குள் வரும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கே பெருகுகிறது. இந்தக் கட்டத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாது. அதனால்தான் கடித்த மறுநாளே காய்ச்சல் வருவதில்லை, குறைந்தது ஒரு வாரமாவது ஆகும். கல்லீரலிலிருந்து வெளியே வந்ததும் ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது. உள்ளே இருந்தபடி சிவப்பணுவின் சரக்கைத் தின்று வளர்ந்து, பல துண்டுகளாகப் பிரிந்து, கடைசியில் அந்த அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வெளியே வந்தவை அடுத்த சிவப்பணுக்களுக்குள் நுழைகின்றன. கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் உடையும்போது சிதறும் கழிவுப் பொருள்களுக்கு உடம்பு காட்டும் எதிர்வினைதான் குளிரும் காய்ச்சலும். நோயாளியின் காய்ச்சல் ஏறும் நேரமும் சிவப்பணு உடையும் நேரமும் பொருந்துகின்றன என்பதை 1880-களிலேயே இத்தாலியைச் சேர்ந்த கமில்லோ கோல்ஜி கண்டறிந்துவிட்டார். வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணிக்கு இந்தச் சுற்று ஏறக்குறைய 48 மணி நேரம். முதல் நாள் நடுக்கம், இரண்டாம் நாள் ஓய்வு, மூன்றாம் நாள் மறுபடி நடுக்கம் என்ற முறைக்காய்ச்சல் அப்படித்தான் உருவாகிறது. மலேரியே என்ற இன்னொரு வகைக்கு இது 72 மணி நேரம்.

ஆக, நல்ல நாள் என்பது அணுவுக்குள் ஒட்டுண்ணி வளர்ந்துகொண்டிருக்கும் நாள். என் கண்ணுக்கு அது வசதியான நாளும்கூட. நடுக்கம் முடிந்த கையோடு எடுத்தால் அப்போதுதான் புகுந்த சின்னஞ்சிறு வளைய வடிவங்களே அதிகம் இருக்கும். வைவாக்ஸாக இருந்தால் மறுநாளுக்குள் அது நன்றாக வளர்ந்து அதன் உருவம் தெளிவாகத் தெரியும். அதனால் காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், சந்தேகம் வந்த உடனே ரத்தம் கொடுத்துவிடுவதே சரி.

தம்பியின் முதல் சில நாள் காய்ச்சலுக்கு முறை ஏன் இல்லை என்பதும் இதிலேயே அடங்குகிறது. ஆரம்பத்தில் ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒரே வயதில் இருப்பதில்லை. ஒரு கூட்டம் காலையில் உடைக்கும், இன்னொன்று இரவில். சில நாள் கழித்தே பெரும்பான்மை ஒரே தாளத்துக்கு வருகிறது. ஆகவே, முறை தெரிந்த பிறகு மலேரியாவைச் சந்தேகிக்கலாம் என்று இருந்தால் அதற்குள் ஒரு வாரம் போய்விடும்.

பிடிவாதமாகத்தான் விரலைக் குத்தினேன். ஒரே ஸ்லைடில் இரண்டு பூச்சு. ஒன்று தடிப்பாக, சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு. அடியில் அச்சிட்ட தாளை வைத்தால் எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்குத்தான் தடிப்பு இருக்க வேண்டும். இன்னொன்று மெல்லியதாக இழுத்தது. இதை மெத்தனாலில் நிலைப்படுத்துவோம். தடித்த பூச்சில் மெத்தனால் படவே கூடாது. அதில் சிவப்பணுக்கள் உடைந்து கரைந்து போனால்தான் பல அடுக்கு ரத்தத்தையும் ஊடுருவிப் பார்க்க முடியும். குறைவாக இருக்கும் ஒட்டுண்ணியைத் தேடிப் பிடிக்கத் தடித்த பூச்சு. பிடித்தது எந்த வகை என்று சொல்ல மெல்லிய பூச்சு. இரண்டையும் கீம்சா சாயத்தில் போட்டு, எண்ணெய் விட்டு, பெரிய லென்ஸில் பார்க்க வேண்டும். இல்லை என்று எழுதுவதற்கு முன்னால் தடித்த பூச்சில் குறைந்தது 100 இடங்களையாவது நகர்த்தி நகர்த்திப் பார்த்தாக வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் இதுதான் முதலில் அடிபடும். அவசரமாக இருபது இடம் பார்த்து எழுதிய நெகட்டிவுக்கு மதிப்பில்லை.

தம்பியின் ஸ்லைடில் நிறைய இடங்கள் வெறுமையாகவே நகர்ந்தன. பிறகு ஒன்று தென்பட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மெல்லிய பூச்சில் தேடிப் பார்த்தேன்: பக்கத்திலிருக்கும் அணுக்களைவிடப் பெரிதாக ஊதிய ஒரு சிவப்பணு, அதற்குள் நீலமாய் ஒழுங்கற்றுப் பரந்த ஒட்டுண்ணி, நடுவில் பழுப்பு நிறத் துகள்கள், அணு முழுக்கத் தூவியது போல மெல்லிய இளஞ்சிவப்புப் புள்ளிகள். வைவாக்ஸ்.

அப்படியானால் ரேபிட் டெஸ்ட் ஏன் நெகட்டிவ் என்று அம்மா கேட்டார். டெஸ்ட் பொய் சொல்லவில்லை, அதன் எல்லை அவ்வளவுதான். அந்தப் பட்டை ஒட்டுண்ணி வெளியிடும் புரதத்தைப் பிடிக்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நூறு, இருநூறு ஒட்டுண்ணிகளாவது இருந்தால்தான் கோடு நம்பகமாகத் தெரியும். வைவாக்ஸ் பெரும்பாலும் இளம் சிவப்பணுக்களை மட்டுமே தேடிப் புகுகிறது. அவை ரத்தத்தில் கொஞ்சம்தான் இருக்கும். அதனால் ஆளைப் படுக்கவைக்கும் காய்ச்சலுக்குக்கூட ஒட்டுண்ணியின் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். ஆரம்ப நாளில் இன்னும் குறைவு. வீட்டில் மிச்சமிருந்த மலேரியா மாத்திரையில் ஒன்றிரண்டைப் போட்டுவிட்டு வந்தாலும், டாக்சிசைக்ளின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எண்ணிக்கை இறங்கி டெஸ்ட் ஏமாற்றிவிடும். ரத்தம் எடுக்கும்போது என்னென்ன மாத்திரை போட்டீர்கள் என்று நாங்கள் கேட்பது அதற்காகத்தான். ரேபிட் டெஸ்டில் கட்டுப்பாட்டுக் கோடு தெரியவில்லை என்றால் அந்தப் பட்டையே செல்லாது. பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தில், பெரும்பாலும் 15 அல்லது 20 நிமிடத்தில், பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்துச் சொல்வதை ஏற்கக் கூடாது.

காய்ச்சல் தொடர்கிறது, மலேரியா உள்ள பகுதியில் இருந்தவர், முதல் பரிசோதனை நெகட்டிவ் என்றால், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும். மொத்தம் மூன்று முறையாவது பார்த்த பிறகே மலேரியா இல்லை என்று ஒதுக்கலாம். இதை முதல் நெகட்டிவ் வந்த அன்றே நோயாளியிடம் சொல்லி அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். யாரும் சொல்லாததால்தான் அந்தச் சீட்டையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கையில் பாராசிட்டமால் இருப்பதால் காய்ச்சலும் அவ்வப்போது இறங்கும், சந்தேகமும் அடங்கிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர், சூடு, வியர்வை, நடுவில் ஒரு நல்ல நாள் என்ற இந்த ஒழுங்கை எதிர்பார்த்து உட்காரக் கூடாத வகை ஒன்று இருக்கிறது. ஃபால்சிபாரம். உயிர்ச்சேதத்தில் பெரும்பங்கு அதனுடையது. அதில் காய்ச்சல் பல நேரங்களில் விடாமல் இருக்கும், அல்லது எந்த முறையும் இல்லாமல் ஏறி இறங்கும். சிறு குழந்தைகளுக்கு நடுக்கமே இல்லாமல் வாந்தி, இருமல், வயிற்றுப்போக்கு என்று வரும். இந்த வகையில் வளர்ந்த ஒட்டுண்ணிகள் உள்ளுறுப்புகளின் நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதால், விரல் நுனி ரத்தத்தில் கொஞ்சமாகத் தெரிந்தாலும் உள்ளே சுமை அதிகமாக இருக்கலாம். காய்ச்சல் தொடங்கி ஒரே நாளில்கூட நிலைமை மோசமாகலாம். குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், வலிப்பு, எழுந்து உட்கார முடியாத சோர்வு, மூச்சு வாங்குவது, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது அல்லது குறைவது, தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தியாவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டாவது டெஸ்டுக்காகக் காத்திருக்காமல் படுக்கை வசதியுள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் ஊசி வழியாக ஆர்ட்டிசுனேட் கொடுப்பார்கள்.

வகை தெரியாமல் மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் இடிக்கும். ஃபால்சிபாரத்துக்கு உலகின் பெரும்பாலான பகுதிகளில் குளோரோகுயின் வேலை செய்வதில்லை, ஆர்ட்டிமிசினின் கலந்த கூட்டு மருந்து வேண்டும். வைவாக்ஸுக்கு ரத்தத்தில் இருப்பதை மட்டும் கொன்றால் போதாது, அதன் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், குளிரோடு வரும் காய்ச்சல் எல்லாம் மலேரியாவும் இல்லை. சிறுநீரகத் தொற்று, நிமோனியா, எலிக்காய்ச்சல், உள்ளே எங்காவது சீழ் கட்டுவது, எல்லாவற்றிலும் கட்டில் ஆடும் நடுக்கம் வரும். ஊகித்து மலேரியா மாத்திரையைக் கொடுத்துவிட்டால் உண்மையான நோய் கவனிப்பாரற்றுப் போகும். வசதி உள்ள இடங்களில் சந்தேகப்படும் ஒவ்வொருவருக்கும் பரிசோதித்து உறுதிசெய்த பிறகே மருந்து என்று உலக சுகாதார அமைப்பு 2010-ல் வழிகாட்டுதலை மாற்றியதன் காரணம் இதுதான்.

தம்பிக்கு மருத்துவர் மூன்று நாள் குளோரோகுயின் எழுதினார். முதல் நாள் மாத்திரை போட்ட பிறகும் மறுநாள் மதியம் லேசாக ஒரு நடுக்கம் வந்தது. "மருந்து கேக்கலியோ?" என்று அம்மா பதறிவிட்டார். ஏற்கெனவே முதிர்ந்திருந்தவை உடைந்ததால் வந்தது அது. மூன்று நாளுக்குள் காய்ச்சல் அடங்கிவிட வேண்டும்; அடங்காவிட்டால் மறுபடி ஸ்லைடு எடுத்து ஒட்டுண்ணி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை மருந்தை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு அது நேரவில்லை.

அடுத்து வந்த ப்ரைமாகுயின்தான் பலரும் பாதியில் விடும் மருந்து. கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியை ஒழிப்பது இது. அவனுக்கு 14 நாள் எழுதினார்கள். அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதி அவன் ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் இந்த மருந்தைச் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தம் கடுமையாகக் குறைந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுப்பதில்லை. மருந்து சாப்பிடும் நாட்களில் சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ மூச்சு வாங்கினாலோ நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு வலிக்கும், அதனால் சாப்பாட்டுக்குப் பின் போட்டான்.

காய்ச்சல் போய் ஒரு வாரம் ஆன பிறகும் மாத்திரை எதற்கு என்று அவனும் கேட்டான். ஸ்லைடில் இப்போது ஒன்றும் தெரியாது என்றாலும், கல்லீரலில் உறங்குவதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது என்று சொன்னேன். வாரங்கள் கழித்தோ மாதங்கள் கழித்தோ அது விழித்து, புதிதாகக் கொசு கடிக்காமலேயே அதே முறைக்காய்ச்சல் திரும்பும். திரும்பத் திரும்ப வந்தால் ரத்தசோகை பிடிக்கும், மண்ணீரல் வீங்கும். அதைக் கேட்ட பிறகு ஒரு வேளையும் விடவில்லை.

அவனுடைய பையில் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது. ரத்தம் எடுத்த தேதி, வைவாக்ஸ் என்ற வகை, ஜி6பிடி முடிவு, சாப்பிட்ட மருந்துகள், முடித்த நாள். ஓராண்டுக்குள் எங்கே காய்ச்சல் வந்தாலும் முதலில் அதைக் காட்டி, மலேரியாவுக்கு ஸ்லைடு பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. அடுத்த மழைக்காலத்தில் ஒருமுறை காய்ச்சல் வந்தது, அன்று மாலையே ரத்தம் கொடுத்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டான். நெகட்டிவ். மறுநாளும் காய்ச்சல் இருந்ததால் கேட்காமலே இரண்டாவது முறை எடுத்தான், மூன்றாவதும் எடுத்தான். மூன்றும் நெகட்டிவ் என்ற பிறகு மருத்துவர் மற்ற காரணங்களைத் தேடினார், சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று தெரிந்தது.